"மூட்டைப்பூச்சி கடித்தது" என்று புகார் வந்தால்: ஹோட்டல் அறையை அறிகுறி பார்த்துச் சோதிக்கும் முறை

காலையில் விருந்தினர் ரிசப்ஷனுக்கு வந்து முழங்கையைக் காட்டுகிறார். வரிசையாக மூன்று தடிப்பு. "ராத்திரி முழுக்க மூட்டைப்பூச்சி, தூங்கவே முடியலை" என்கிறார். அடுத்த பத்து நிமிடத்தில் பல ஹோட்டல்களில் நடப்பது இதுதான்: ஒருவர் விரிப்பை உருவி லாண்டரிக்கு அனுப்புகிறார், இன்னொருவர் மெத்தை மேல் ஸ்ப்ரே அடிக்கிறார், ரிசப்ஷனில் இருப்பவர் விருந்தினரைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிடுகிறார்.

மூன்றுமே வேலையைக் கெடுப்பவை. விரிப்பு போனால் தடயமும் போச்சு. அதில் பூச்சி இருந்திருந்தால் தாழ்வாரம், தள்ளுவண்டி, லாண்டரி வரை ஊர்வலம் போய் வந்திருக்கும். கடைகளில் கிடைக்கும் ஸ்ப்ரே பட்ட பூச்சிகளில் சில சாகும், மீதி சுவர் இடுக்கு வழியாகச் சிதறும். அந்த ஸ்ப்ரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளை இன்றைய மூட்டைப்பூச்சிகள் பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. பக்கத்து அறைக்கு மாற்றினால், சுவருக்கு அந்தப் பக்கமும் அதே பூச்சி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாவது முறையும் கடிபட்ட விருந்தினரைச் சமாதானப்படுத்த எந்த மேலாளராலும் முடியாது.

அதனால் முதல் வேலை, எதையும் நகர்த்தாமல் அறையைப் பூட்டுவது. "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று விருந்தினரிடம் சொல்லி, பயிற்சி பெற்ற ஒருவரை அனுப்பிச் சோதிக்க வேண்டும். சோதனை முடியும்வரை அந்த அறையிலிருந்து துணி, தலையணை, குப்பைக்கூடை எதுவும் வெளியே வரக்கூடாது. துப்புரவு வண்டி அறை வாசலைத் தாண்டி உள்ளே போகக்கூடாது.

எடுத்துப்போக வேண்டியவை

நல்ல வெளிச்சம் தரும் டார்ச், பழைய கீ கார்டு போன்ற மெல்லிய அட்டை, கையளவு பூதக்கண்ணாடி, செல்லோடேப், ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் பை, ஈரமாக்கிய வெள்ளைப் பருத்தித் துணி, ஸ்க்ரூடிரைவர், ஒரு சுத்தமான வெள்ளை விரிப்பு. கையுறை நல்லது. அறை விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். மெத்தை ஓரத்தில் டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்துச் சாய்வாக வெளிச்சம் காட்டினால், நேர் வெளிச்சத்தில் தெரியாத முட்டையும் உரித்த சட்டையும் நிழல் விழுந்து தெரியும்.

அறிகுறி 1: உடம்பில் கடித்த தடம், அறையில் எதுவும் கண்ணில் படவில்லை

தடத்தை மட்டும் பார்த்து மூட்டைப்பூச்சி என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று மறுக்கவும் முடியாது. கொசு, தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை எல்லாமே இதே மாதிரி தடிக்க வைக்கும். வரிசையாக மூன்று தடிப்பு இருந்தால் மூட்டைப்பூச்சிதான் என்ற பேச்சும் உறுதியான அடையாளம் இல்லை. சிலருக்குக் கடித்தும் ஒன்றும் தெரியாது. ஒரே கட்டிலில் படுத்த இருவரில் ஒருவர் சொறிந்துகொண்டிருப்பார், மற்றவர் ஒன்றுமே இல்லை என்பார்.

இன்னொன்றும் உண்டு. தடிப்பு உடனே வரலாம், சிலருக்குப் பல நாள் கழித்து, இரண்டு வாரம் வரைகூடத் தள்ளிப்போய் வரலாம். எனவே இன்று காலை தெரிந்த தடம் நேற்று ராத்திரி இந்த அறையில் பட்டதுதான் என்று விருந்தினராலும் சொல்ல முடியாது. அதே காரணத்தால் "நீங்கள் வேறு எங்கோ வாங்கிவந்தது" என்று ஹோட்டலும் சொல்ல முடியாது. தடத்தை வைத்து நடக்கும் வாக்குவாதம் முடிவுக்கு வராது. அறை என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான் வழி.

பார்க்கும் வரிசை முக்கியம். தலையணை உறையின் உள்மடிப்பில் தொடங்குங்கள். அடுத்து விரிப்பை உருவாமல், தலைமாட்டுப் பக்கத்திலிருந்து மெல்லச் சுருட்டிக்கொண்டே போங்கள். மெத்தையின் நான்கு மூலையிலும் ஓரத் தையலை விரலால் பிரித்துப் பாருங்கள். லேபிள், கைப்பிடி, காற்றுத் துளை ஆகியவற்றின் அடியையும் விடாதீர்கள். பிறகு மெத்தையை நிமிர்த்தி அடிப்பக்கம், கட்டில் சட்டத்தின் மூட்டுகள், ஆணித் துளைகள். துணி மூடிய பெட்டி வடிவ அடித்தளம் இருந்தால் அதன் மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் காப்பின் பின்புறமும், அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய துணியின் ஓரமும் பூச்சிக்குப் பிடித்த இடங்கள். இடுக்கில் அட்டையை விட்டு மெதுவாக இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் சோதனை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஹோட்டல் அறையில் பூச்சி முதலில் குடியேறும் இடம் பல நேரங்களில் மெத்தையே அல்ல. விரிப்பு தினமும் மாறுகிறது, மெத்தை அடிக்கடி அசைகிறது. சுவரில் மாட்டிய தலைமாட்டுப் பலகையை மட்டும் வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை.

தலைமாட்டுப் பலகையைக் கழற்றுவது

இதை இரண்டு பேர் செய்ய வேண்டும். பெரும்பாலான பலகைகள் ஒன்றோடொன்று கொக்கி போலக் கோக்கும் பட்டைகளில் தொங்குகின்றன. ஸ்க்ரூ இருக்காது, நேராக மேலே தூக்கினால் கழன்று வரும். முன்பக்கம் இழுத்தால் சுவரின் பிளாஸ்திரிதான் பெயரும். கழற்றுவதற்கு முன் கட்டிலைச் சற்று இழுத்து, சுவரோரம் தரையில் வெள்ளை விரிப்பைப் பரப்புங்கள். பலகை அசையும்போது விழும் பூச்சி அதில்தான் கண்ணில் படும், இல்லாவிட்டால் கார்ப்பெட்டில் மறைந்துவிடும்.

பலகையின் பின்பக்க ஓரம், மேல்விளிம்பு, ஸ்க்ரூத் துளை, துணி ஸ்டேப்பிள் அடித்த கோடு, சுவரில் பட்டை பதிந்த இடம் எல்லாவற்றிலும் டார்ச் அடியுங்கள். முதுகும் வயிறும் இரண்டு பக்கமும் உரசும்படியான இடுக்கைத்தான் இந்தப் பூச்சி தேடும். உங்கள் கீ கார்டு நுழையும் எந்த இடத்திலும் அது நுழையும்.

அங்கேயும் இல்லை என்றால் கட்டிலிலிருந்து வெளிநோக்கிப் போங்கள்: பக்க மேசையின் இழுப்பறை, அதன் அடிப்பக்கம், தலைக்கு மேலிருக்கும் படச்சட்டத்தின் பின்புறம், சோபா இருக்கையின் இடுக்கு, லக்கேஜ் ரேக்கின் நாடாவும் அதன் மூட்டுகளும், திரையின் மேல்மடிப்பு. பெரும்பாலான பூச்சிகள் கட்டிலைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்ளேயே இருக்கும் என்பதால் அலமாரியைக் கடைசியில் பார்த்தால் போதும்.

அறிகுறி 2: விரிப்பில் சிவப்பு இழுப்பு அல்லது கருப்புப் புள்ளி

இவை இரண்டும் வேறு வேறு. துரு நிறத்தில் இழுபட்ட கறை, தூக்கத்தில் புரண்டு நசுங்கிய பூச்சியின் ரத்தமாக இருக்கலாம். சொறிந்த புண், மூக்கில் வந்த ரத்தம், சவரக் கீறல் எல்லாமும் அதே கறையைத்தான் விடும். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கருப்புப் புள்ளிதான் கவனிக்க வேண்டியது. அது பூச்சியின் எச்சம், செரித்த ரத்தம். துணியில் மார்க்கர் பேனாவை ஒரு நொடி வைத்து எடுத்ததுபோல ஊறிப் பரவியிருக்கும். மரம், பெயின்ட் போன்ற வழவழப்பான பரப்பில் சற்றுப் புடைத்த புள்ளியாக நிற்கும். ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள்: செம்பழுப்பாகக் கரைந்து இழுபட்டால் மூட்டைப்பூச்சி எச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். கரையாமல் உதிர்ந்தால் கரப்பான் எச்சமாகவோ வெறும் அழுக்காகவோ இருக்கலாம்.

புள்ளிகள் எங்கே கூடியிருக்கின்றன என்பது இன்னும் பெரிய செய்தி. பூச்சி குடித்துவிட்டு ஒளிவிடத்துக்குத் திரும்பி அங்கேதான் கழிக்கும். படுக்கை நடுவில் ஒரு புள்ளி என்றால் வழியில் விழுந்தது. ஒரு ஸ்க்ரூத் துளையைச் சுற்றி இருபது புள்ளி என்றால் அந்தத் துளைதான் வீடு.

ஒரு எச்சரிக்கை: பழைய புள்ளி தானாகப் போகாது. போன வருடம் மருந்தடித்து ஒழித்த அறையிலும் அப்படியே இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் மருந்தடித்து முடித்த பின் தெரியும் புள்ளிகளைத் துடைத்துவிட வேண்டும், துடைக்க முடியாதவற்றைப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். அடுத்த சோதனையில் புதியது எது என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

அறிகுறி 3: உரித்த சட்டை, முட்டை

முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஐந்து முறை சட்டை உரித்துத்தான் முழுப் பூச்சியாகிறது. ஒவ்வொரு உரிப்புக்கும் முன் ஒரு முறையாவது ரத்தம் குடித்தாக வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில், உணவு தடையில்லாமல் கிடைத்தால் முட்டை முதல் முழு வளர்ச்சி வரை ஐந்தாறு வாரம் போல ஆகும். பூச்சி எவ்வளவு காலமாக அறையில் இருக்கிறது என்று கணக்குப் போட உதவுவது இதுதான்.

சட்டை பூச்சியின் வடிவிலேயே, தேன் நிறத்தில், உள்ளே ஒன்றுமில்லாமல், ஊதினால் பறக்கும் அளவு லேசாக இருக்கும். முடி முடியாக, பட்டை பட்டையாக இருந்தால் அது கம்பளி வண்டின் புழு உரித்தது; மூட்டைப்பூச்சி இல்லை. முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளம், முத்து வெள்ளை, அரிசி வடிவம். பசை போல ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டினாலும் விழாது.

ஒன்றரை மில்லிமீட்டர், மூன்று, நான்கரை என்று பல அளவுச் சட்டைகள் ஒரே இடத்தில் கிடைத்தால் அங்கே ஒரு தலைமுறையாவது வளர்ந்திருக்கிறது. நேற்று வந்து இறங்கிய விருந்தினரின் பெட்டியில் வந்த விஷயம் அல்ல அது.

அறிகுறி 4: உயிரோடு ஒரே ஒரு பூச்சி

முதலில் அது மூட்டைப்பூச்சிதானா என்று பாருங்கள். நசுக்க வேண்டாம், டேப்பில் ஒட்டி எடுங்கள், அல்லது அட்டையால் பைக்குள் தள்ளுங்கள். வளர்ந்தது ஐந்து மில்லிமீட்டர் போல இருக்கும், செம்பழுப்பு, தட்டை, முட்டை வடிவம், ஆறு கால், சிறகு கிடையாது. குடித்திருந்தால் நீண்டு உப்பி அடர்சிவப்பாக இருக்கும். பறக்காது, குதிக்காது. குதித்தால் தெள்ளு. நீளமான மீசையோடு வேகமாக ஓடினால் கரப்பான் குஞ்சு. எட்டுக் கால் என்றால் உண்ணி.

ஒன்றே ஒன்றுதான், வேறு எச்சமோ சட்டையோ முட்டையோ எங்கும் இல்லை என்றால், அண்மையில் யாருடைய பையிலோ வந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த "யாரோ" இந்த விருந்தினர்தான் என்பதற்கு இது சான்று ஆகாது. ஆனாலும் அறையைத் திறந்துவிடாதீர்கள். கருத்தரித்த ஒரு பெண் பூச்சி போதும், அது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்று முட்டையிட்டுக்கொண்டே போகும்.

ஒரு உதாரணம்: 214

மேலே சொன்னதை ஒரு அறையில் வைத்துப் பார்ப்போம். 214-ல் தங்கியவர் முதல் இரவு முடிந்த காலையிலேயே புகார் சொல்கிறார். விரிப்பில் தலைமாட்டுப் பக்கம் இரண்டு துருக் கறை. மெத்தைத் தையல் நாலு மூலையும் சுத்தம். இந்த இடத்தில் பலர் "ஒன்றுமில்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

பலகையைத் தூக்கியதும் தரை விரிப்பில் ஒரு குஞ்சு விழுகிறது. வலது பக்கப் பட்டையைச் சுற்றிக் கருப்புப் புள்ளிகள் கூட்டமாக. ஈரத் துணியில் செம்பழுப்பாக இழுபடுகின்றன. பட்டையின் பின்னால் மூன்று அளவுச் சட்டைகள், இரண்டு வளர்ந்த பூச்சிகள், நாலைந்து முட்டை. இடது பக்கம் ஒன்றும் இல்லை.

இதிலிருந்து படிக்கக்கூடியது: பூச்சி இங்கே சில வாரங்களாகவே இருக்கிறது, எனவே நேற்று வந்தவர் காரணமில்லை. இடையில் தங்கியவர்கள் புகார் செய்யாததற்கு, கடி தெரியாதவர்களாகவோ ஊர் போன பின் தடித்தவர்களாகவோ இருந்திருப்பார்கள் என்பதே போதுமான விளக்கம். வலது பட்டை எந்தச் சுவரில் இருக்கிறதோ அந்தச் சுவரை முதுகுக்கு முதுகாகப் பகிரும் 216-ஐ உடனே பார்க்க வேண்டும். அதன் பலகையின் பின்னாலும் ஒரு புள்ளிக் கூட்டம் இருந்தால், சுவருக்குள் போகும் வயர் குழாய் வழியாக நடமாட்டம் இருக்கிறது என்று கொள்ளலாம். 212, மேலே 314, கீழே 114 ஆகியவற்றையும் அதே நாளில் பலகை கழற்றிப் பார்க்க வேண்டும். இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் ஒரு சோதனை.

விருந்தினரிடம் என்ன சொல்வது

கண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். "பலகைக்குப் பின்னால் மூட்டைப்பூச்சி இருந்தது சார், அறையை மூடிவிட்டோம். உங்களுக்கு வேறு மாடியில் அறை பார்த்து வைத்திருக்கிறோம். உங்கள் துணிகளை ட்ரையரில் போட்டுத் தருகிறோம்." அவ்வளவுதான். மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை என்பதை, அவர் கேட்டால் சொல்லலாம். கேட்காமலே சொன்னால் புகாரை லேசாக எடுத்துக்கொண்டதுபோல ஆகிவிடும். தடிப்பு பெரிதாகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். களிம்பு பரிந்துரைப்பது ஹோட்டலின் வேலை இல்லை. ஒன்றும் கிடைக்காவிட்டாலும் எங்கெங்கே பார்த்தோம் என்று சொல்லி, அவர் விரும்பினால் அறையை மாற்றிக் கொடுங்கள்.

புது அறை, பழைய அறையோடு சுவரோ தரையோ கூரையோ பகிராததாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் அவருடைய பெட்டி. சோதிக்காத பெட்டியை அப்படியே தூக்கிப்போனால் புது அறைக்கு நாமே பூச்சியைக் குடிவைக்கிறோம். உடைகளைப் பையில் கட்டி, சூட்டைத் தாங்கும் துணிகளை ட்ரையரில் அதிக வெப்பத்தில் முப்பது நிமிடம் போட வேண்டும். டிரம்மைத் திணித்து நிரப்பினால் நடுவில் இருப்பது சூடாகாது, பாதி நிரப்பினால் போதும். காய்ந்த துணியாக இருந்தால் துவைக்காமலே ட்ரையரில் போடலாம், பூச்சியைக் கொல்வது சோப்பு இல்லை, சூடு. காலிப் பெட்டியின் ஜிப் ஓரம், சக்கரக் குழி, உள்துணி மடிப்பு ஆகியவற்றை அவர் முன்னிலையில் டார்ச் அடித்துப் பார்த்துக் கொடுங்கள். கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைக்கும் முறையை நம்ப வேண்டாம். வெளிப்புறம் சுட்டாலும் நடுவில் பூச்சி பிழைத்துவிடும்.

அறைக்குச் செய்ய வேண்டியது

விரிப்பு, உறை, திரை எல்லாம் அறைக்குள்ளேயே பையில் போட்டுக் கட்டி, அடையாளம் ஒட்டி, தனியாக லாண்டரிக்குப் போக வேண்டும். பை நேராக மெஷினுக்குள் காலியாக வேண்டும், தரையில் கொட்டிப் பிரிக்கக்கூடாது. 60 டிகிரி வெந்நீர்த் துவைப்பும் அதிக வெப்ப ட்ரையரும் முட்டையையும் சேர்த்துக் கொல்லும்.

வேக்யூம் கிளீனரில் இடுக்கு நுனி மாட்டிப் பூச்சியையும் சட்டையையும் இழுக்கலாம். ஒட்டிய முட்டை வராது, அதற்கு நீராவி வேண்டும். நீராவிக் கருவியின் நுனி அகலமானதாக இருக்க வேண்டும். ஊசி நுனி என்றால் பூச்சி வெந்து சாவதற்கு முன் காற்றில் அடித்துப் போய்விடும். வேகமாகத் தேய்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் சூடு இறங்கும்படி மெல்ல நகர்த்துங்கள். ஸ்விட்ச் போர்டு அருகே நீராவி கூடாது.

மருந்தடிப்பதும் அறை முழுவதையும் 50 டிகிரிக்கு மேல் சூடாக்குவதும் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வேலை. ஹோட்டல் அதனிடம் கேட்க வேண்டியது ஒன்று: இரண்டாவது முறை எப்போது வருவீர்கள்? பல மருந்துகள் முட்டையைத் தொடுவதில்லை. முட்டை ஆறு முதல் பத்து நாளில் பொரிக்கும். அதனால் இரண்டு வாரம் கழித்து, பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்கு முன், மறுபடி அடிக்க வேண்டும். ஒரே முறையில் முடித்துத் தருகிறோம் என்று மருந்து அடிப்பவர் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

அறையை ஒரு மாதம் பூட்டி வைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. மூட்டைப்பூச்சி உணவில்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பூட்டிய அறையில் இரை கிடைக்காதது பக்கத்து அறையைத் தேடிக்கூடப் போகலாம்.

அறிகுறி 5: மருந்தடித்த பிறகும் மறுபடி புகார்

மருந்தடித்து எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். முதல் மருந்துக்கு இரண்டு வாரத்துக்குள் சின்னக் குஞ்சுகள் மட்டும் தென்பட்டால் அவை தப்பிய முட்டையிலிருந்து வந்தவை, இரண்டாவது சுற்றுக்குள் அடங்க வேண்டும். இரண்டு சுற்று முடிந்த பிறகும் வளர்ந்த பூச்சியும் புதுப் புள்ளியும் வந்தால் ஒளிவிடம் ஒன்று தப்பியிருக்கிறது, அல்லது பக்கத்திலிருந்து வருகிறது. பலகை, பக்கத்து அறை, ஸ்விட்ச் போர்டின் பின்புறம் என்று மறுபடி தொடங்குங்கள். மின்சாரத்தை நிறுத்தாமல் போர்டைக் கழற்றக்கூடாது.

கட்டில் கால்களுக்கு அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் பொறிக் கிண்ணம் வைப்பது கண்காணிப்புக்கு நல்லது. கட்டிலுக்கு ஏற வரும் பூச்சி உள்ளே விழுந்து வெளியே ஏற முடியாமல் மாட்டும். ஆனால் பலகையும் விரிப்பும் சுவரையோ தரையையோ தொட்டுக்கொண்டிருந்தால் கிண்ணத்தால் பயனில்லை. ஆள் படுக்காத அறையிலும் அது அதிகம் பிடிக்காது. எனவே காலி அறையில் கிண்ணம் வெறுமையாக இருப்பதை வைத்து மட்டும் அறையைத் திறக்க வேண்டாம். இரண்டாம் சுற்றுக்குப் பின் பலகை கழற்றி இரண்டு சோதனை, இடையில் இரண்டு வாரம். இரண்டிலும் உயிருள்ள பூச்சியோ புதுப் புள்ளியோ இல்லை என்றால் திறக்கலாம்.

வெவ்வேறு மாடிகளில், சம்பந்தமே இல்லாத அறைகளில் புகார் வர ஆரம்பித்தால் அறைகளை விட்டுவிட்டு, எல்லா அறைக்கும் போய்வரும் பொருளைப் பாருங்கள்: வேக்யூம் கிளீனரின் தூசிப்பை, துணி மாட்டும் வண்டியின் மடிப்பு, கூடுதல் படுக்கையாகக் கொண்டுபோகும் மடக்குக் கட்டில். மடக்குக் கட்டிலின் கீல்களை முதலில் பாருங்கள்.